கத்தல் விம்மலாக மாறும்வரை காத்திருங்கள்

"என் மகனுக்கு இரண்டரை வயது. அவசரத்தில் நான் செருப்பை மாட்டிவிட்டால் போதும், தரையில் விழுந்து கத்துகிறான். பொறுமையாகத்தான் பேச ஆரம்பிக்கிறேன், கடைசியில் நானும் கத்திவிடுகிறேன். என்ன செய்வது, டாக்டர்?"

பொறுமையாகப் பேசுகிறீர்கள், ஆனால் அவன் கேட்க முடியாத நேரத்தில் பேசுகிறீர்கள். கோபத்தை அடக்கி, சொல்வதைக் கேட்டு, காத்திருக்க உதவும் மூளைப் பகுதி நெற்றிக்குப் பின்னால் இருக்கிறது. அது முழுமையாக வளர இருபது வயதும் தாண்டிவிடும். இரண்டரை வயதில் 'நானே மாட்டுவேன்' என்ற ஆசை பெரிது, அதைச் சொல்ல வார்த்தைகள் குறைவு. அந்த வேகத்தில் நீங்கள் அடுக்கும் காரணங்கள் அவன் காதில் இரைச்சலாகத்தான் விழும்.

அடுத்த முறை அவன் அழுகையைச் சற்றுக் கவனியுங்கள். தொடக்கத்தில் கோபம் ஓங்கியிருக்கும்: வீறிடுவான், உதைப்பான், பொருளை எறிவான். அப்போது தூக்கப்போனால் உடலை வில்லாக வளைத்துத் திமிறுவான். அதனால் இடிபடக்கூடியவற்றை நகர்த்திவிட்டு, கை எட்டும் தூரத்தில், அவன் உயரத்துக்குத் தரையில் உட்காருங்கள். உங்கள் மூச்சை மெதுவாக, இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கும்படி விடுங்கள். மூச்சை விடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே சற்றுக் குறையும். தோள் இறங்கும், குரலும் தணியும். அவன் உங்கள் சொற்களை அல்ல, முகத்தையும் குரலையும்தான் வாசிக்கிறான். "நீயே மாட்ட ஆசைப்பட்டாய், கோபம் வந்துவிட்டது" என்று ஒருமுறை சொன்னால் போதும். அதன்பின் பேச்சு வேண்டாம்.

சில நிமிடங்களில் வீறிடல் விம்மலாக மாறும், உங்கள் முகத்தைத் தேடுவான். அணைக்க வேண்டிய நேரம் அதுதான். அடங்கிய பிறகு ஒரு செருப்பை அவன் கையில் கொடுங்கள். இடம், வலம் மாறினாலும் மாறட்டும். நாளை ஐந்து நிமிடம் முன்பே கிளம்பத் தொடங்குங்கள்.

அமைதியாக இருப்பது விட்டுக்கொடுப்பது ஆகாது. செருப்பில் விட்டுக்கொடுக்கலாம், ஆனால் சாலையில் கையை உதறி ஓட அழுதால் கையை விடக்கூடாது. அங்கும் குரல் தணிந்தே இருக்கட்டும்.

உங்களுக்கே கோபம் பொங்கினால், வேறொரு பெரியவரிடம் அவனை விட்டுவிட்டு ஒரு நிமிடம் விலகுங்கள். யாரும் இல்லையென்றால் அவன் கண்ணில் படும்படி இரண்டடி தள்ளி நில்லுங்கள். கத்திவிட்ட நாளில், "அம்மா சத்தமாகப் பேசிவிட்டேன், உனக்குப் பயமாக இருந்திருக்கும்" என்று பிறகு சொல்லுங்கள். இதை நான் வற்புறுத்தியே சொல்வேன். கோபத்திலிருந்து ஒருவர் எப்படித் திரும்பி வருகிறார் என்பதை அவன் உங்களிடம்தான் பார்க்கிறான்.

ஓரிரு நாளில் மாற்றம் தெரியாது. வாரங்கள் செல்லச் செல்ல, விம்மல் சீக்கிரம் வருகிறதா என்று பாருங்கள். அடம் அடிக்கடி அரை மணி நேரம் நீண்டாலோ, தன்னையே காயப்படுத்திக்கொண்டாலோ, அழும்போது மூச்சு நின்று உடல் நீலம் பாய்ந்தாலோ, பேச்சு வளராமல் இருந்தாலோ குழந்தை மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள்.