‘அடுத்த வாரம் போகிறார்’: பிழையா, இல்லையா?

“ஐயா, ‘பிழையான தொடரைக் கண்டறிக’ என்ற கேள்விக்கு இந்த நான்கு தொடர்களைக் கொடுத்திருந்தார்கள்.
அ) தங்கை நேற்றே கடிதத்தை எழுதி முடித்தாள்.
ஆ) பூமி சூரியனைச் சுற்றுகிறது.
இ) அண்ணன் அடுத்த வாரம் வெளியூர் போகிறார்.
ஈ) அம்மா நாளை வந்து புத்தகத்தைத் தருவார்.
‘வந்து’ இறந்தகாலம், ‘நாளை’ எதிர்காலம் என்று நினைத்து நான் ‘ஈ’ குறித்தேன். விடை ‘இ’ என்கிறார்கள். வீட்டில் எல்லோரும் அப்படித்தானே பேசுகிறோம்?”

விடை ‘இ’ தான். பேசும்போது உறுத்தாததால்தான் அந்தத் தொடரை அங்கே வைத்திருக்கிறார்கள். இந்த வகைக் கேள்வியில் காதை நம்பாமல் இரண்டு இடங்களை மட்டும் பாருங்கள். ஒன்று காலத்தைச் சொல்லும் சொல், இன்னொன்று முற்றுவினையின் இடைநிலை. ‘இ’யில் காலச்சொல் ‘அடுத்த வாரம்’, அது எதிர்காலம். வினையைப் பிரித்தால் போ + கிறு + ஆர். ‘கிறு’ நிகழ்கால இடைநிலை. இரண்டும் பொருந்தவில்லை. போ + வ் + ஆர், அதாவது ‘போவார்’ என்று இருந்திருந்தால் பொருந்தியிருக்கும்.

நீங்கள் ‘ஈ’யில் சறுக்கியதற்குக் காரணம், முற்றுவினையை விட்டுவிட்டு எச்சத்தைப் பார்த்தது. ‘வந்து’ இறந்தகால வினையெச்சம் என்பது உண்மைதான். ஆனால் வினையெச்சம் காட்டும் காலம் முற்றுவினையோடு ஒப்பிட்டு வருவது. தருவதற்கு முன் வருவது நடந்துவிடும் என்பதைத்தான் அது சொல்கிறது. ‘நாளை’ என்ற சொல்லுக்குப் பதில் சொல்ல வேண்டியது ‘தருவார்’. அதில் ‘வ்’ இருக்கிறது, சரியாகப் பொருந்துகிறது. ‘வந்து தந்தார்’, ‘வந்து தருகிறார்’, ‘வந்து தருவார்’ என மூன்று காலத்துக்கும் அதே ‘வந்து’ வருவதைக் கவனித்தால் இந்தக் குழப்பம் போய்விடும்.

‘ஆ’வும் சிலரைத் தயங்க வைக்கும். பூமி நேற்றும் சுற்றியது, நாளையும் சுற்றும், அப்புறம் ஏன் ‘சுற்றுகிறது’ என்று? முக்காலத்துக்கும் பொதுவாக நடப்பதை நிகழ்காலத்தால் சொல்வதே இலக்கணம். அதில் பிழையே இல்லை.

இனி உங்கள் உண்மையான கேள்வி. எல்லோரும் பேசுவதைப் பிழை என்பது நியாயமா? இலக்கணமே இதற்கு இடம் கொடுத்திருக்கிறது. காலம் பிறழ்ந்தால் கால வழு. ஆனால் விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகிய காரணங்களால் பிறழ்ந்தால் நன்னூல் அதை ஏற்றுக்கொள்கிறது. அதுதான் கால வழுவமைதி. கிளம்பாமலே ‘இதோ வந்துவிட்டேன்’ என்பது விரைவு. ‘அந்தக் காட்டுக்குள் தனியாகப் போனால் செத்தாய்’ என்பது மிகுதி. அண்ணன் போவது உறுதி என்பதால் ‘போகிறார்’ என்கிறோம், அது தெளிவு. இப்படிப் பார்த்தால் ‘இ’ வழுவமைதிதான். என்றாலும் வழுவமைதி என்பது வழுவைப் பொறுத்துக்கொள்வது, வழுவே இல்லாத தொடர் என்று பொருளல்ல. மற்ற மூன்றும் வழுவற்றவையாக இருக்கும்போது, குறிக்க மிஞ்சுவது இது ஒன்றுதான்.

ஆகவே விடை அந்தத் தொடரை மட்டும் பொறுத்ததல்ல, பக்கத்தில் எவை இருக்கின்றன என்பதையும் பொறுத்தது. ‘அ’வுக்குப் பதில் ‘தங்கை நேற்று கடிதம் எழுதுவாள்’ என்று இருந்தால் என்ன செய்வீர்கள்? இப்போது பொருந்தாத தொடர்கள் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் அந்த நான்கு காரணங்களில் ஏதாவது சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். அண்ணன் தொடருக்குத் தெளிவு இருக்கிறது. தங்கை தொடருக்கு எதுவும் இல்லை. அப்போது விடை ‘அ’ ஆகிவிடும், ‘இ’ தப்பித்துவிடும். கேள்வியிலேயே ‘கால வழுவமைதி எது?’ என்று கேட்டிருந்தால் மறுபடி ‘இ’. கேள்வியின் வரியை முழுக்கப் படிக்காமல் தொடர்களுக்குத் தாவினால் இங்கேதான் மதிப்பெண் போகும்.

இன்னும் எளிதில் ஏமாற்றுவது இயல்பு என்ற காரணம். ‘சின்ன வயதில் இந்த மைதானத்தில்தான் விளையாடுவோம்’ என்பதைப் படித்தால் யாருக்கும் ஒன்றும் தோன்றாது. பிரித்துப் பாருங்கள். விளையாடு + வ் + ஓம், எதிர்கால இடைநிலை. ‘சின்ன வயதில்’ என்பதோ கடந்த காலம். பழக்கமாக நடந்ததை இப்படிச் சொல்வது நம் இயல்பு, எனவே வழுவமைதி. வழுவற்ற தொடர் வேண்டுமென்றால் ‘விளையாடினோம்’ என்று இருக்க வேண்டும். ‘தினமும்’, ‘எப்போதும்’, ‘அந்த நாட்களில்’ போன்ற சொற்களோடு ‘-வோம்’, ‘-வார்’ வந்தால், பேசப்படுவது முடிந்துபோன காலமா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். இன்றும் தொடரும் பழக்கத்தை ‘தாத்தா தினமும் நடப்பார்’ என்று சொன்னாலும் இதே இயல்புதான். அங்கே முரண்படும் காலச்சொல் இல்லாததால் அதைப் பிழையென்று குறித்துவிடாதீர்கள்.