"ஆரன்ட் ஐ", "ஷான்ட்": எங்கே பொருந்தும், எங்கே உறுத்தும்? கேள்வி பதில்

மதுரை, பள்ளி ஆசிரியை: கொஸ்டின் டேக் பாடத்தில் "ஐ ஆம் லேட்" என்பதற்கு "ஆரன்ட் ஐ" என்று விடை போட்டிருக்கிறது. "ஐ"க்கு எப்படி டீச்சர் "ஆர்" வரும் என்று பிள்ளைகள் மடக்குகிறார்கள். என்ன சொல்வது?

விடை சரிதான், பிள்ளைகளின் சந்தேகமும் சரிதான்.

"ஹி" என்றால் எதிர்மறையைச் சுருக்க இரண்டு வழி உண்டு: "ஹீஸ் நாட்" அல்லது "ஹி இஸன்ட்". "ஐ" என்றால் "ஐம் நாட்" ஒன்றுதான். சாதாரண வாக்கியத்துக்கு அது போதும். கேள்வியாக்கும்போது வினை முன்னால் வர வேண்டும். "ஐம்"மில் ஒட்டிக்கொண்டிருக்கும் "ம்" மட்டும் பிரிந்து முன்னால் போய் நிற்காது. எதிர்மறையோடு சேர்ந்த ஒரு வினைவடிவம் அங்கே தேவைப்படுகிறது.

இயல்பாக அது "ஆமன்ட்" ஆக இருந்திருக்க வேண்டும். ம், ன், ட் மூன்றும் அடுத்தடுத்து நெருக்கியதால் "ம்" தேய்ந்து, ஏ, என், அபாஸ்ட்ரபி, டி என்று எழுதப்படும் வடிவம் வந்தது. 17-ஆம் நூற்றாண்டின் இறுதி நாடகங்களிலேயே அதைப் பார்க்கலாம். நீண்ட ஆகாரத்தோடு சொன்னால் அது "ஆன்ட்". தென் இங்கிலாந்தில் மெய்யெழுத்துக்கு முன்னால் வரும் "ர்" பேச்சிலிருந்து மறைந்தபோது, "ஆர்"இலிருந்து வந்த "ஆரன்ட்"டும் அதே "ஆன்ட்" ஆகிவிட்டது. காதில் ஒன்றாக ஒலித்ததை, தெரிந்த எழுத்துக்கூட்டில் எழுதிவிட்டார்கள். பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம் இது. அதன்படி "ஆர்" இங்கே எழுத்தில் நுழைந்த விருந்தாளி, இலக்கணத்தில் வந்ததல்ல.

வகுப்பில் மூன்று வாக்கியம் எழுதிப் போட்டால் போதும். "ஐம் லேட், ஆரன்ட் ஐ?" சரி. "ஐம் நாட் லேட், ஆம் ஐ?" சரி. "ஐ ஆரன்ட் லேட்" தவறு. இந்த வடிவம் கேள்வியில் மட்டுமே வாழ்கிறது. பிள்ளைகள் பிசகுவது பெரும்பாலும் மூன்றாவதில்தான், ஏனென்றால் டேக்கில் சரி என்று படித்ததை அப்படியே வாக்கியத்துக்குள் கொண்டுவந்துவிடுகிறார்கள்.

சென்னை, பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்ப்பவர்: விரித்தால் "ஆர் நாட் ஐ" என்று வருகிறது. அது தவறு என்பதில் சந்தேகமில்லை. விரித்தால் தவறாகிற ஒன்று சுருக்கினால் மட்டும் சரியாகிவிடுமா? "ஆம் ஐ நாட்" ஒன்றுதான் சரி என்பது என் கட்சி.

முதல் பாதி சரி. தவறுவது, சுருக்க வடிவம் என்றால் முழு வடிவத்தின் குறுக்கெழுத்து என்ற ஊகத்தில்.

"ஹி குடன்ட் கம்" என்பதைக் கேள்வியாக்குங்கள்: "குடன்ட் ஹி கம்?" எதிர்மறையும் வினையோடு ஒட்டிக்கொண்டே முன்னால் தாவுகிறது. "ஹி குட் நாட் கம்" என்பதைக் கேள்வியாக்கினால் "குட் ஹி நாட் கம்?" இங்கே "நாட்" பின்தங்கிவிடுகிறது. "குட் நாட் ஹி" என்று இன்று யாரும் சொல்வதில்லை. ஆக இரண்டும் வேறு வேறு பொருட்கள். புல்லம், ஸ்விக்கி என்ற இரு மொழியியலாளர்கள் 1983-இல் எழுதிய கட்டுரையில் இதைத்தான் வாதிட்டார்கள்: அந்த "ன்ட்" வினையின் விகுதி, தனிச்சொல்லின் தேய்ந்த உருவம் அல்ல. "வராது" என்பதில் எதிர்மறை வினைக்குள்ளேயே இருக்கிறது அல்லவா, அந்த மாதிரி. அதனால்தான் சில வினைகளுக்கு வடிவம் இருக்கிறது, சிலவற்றுக்கு இல்லை, சிலது கோணலாக இருக்கிறது. "வில்" எதிர்மறையில் "வோன்ட்" ஆவதும் இப்படித்தான். அதில் "வில்"லின் பழைய உருவமான "வோல்" ஒளிந்திருக்கிறது.

உங்கள் வேலையில் இது கை கடிக்கும் இடம் ஒன்று உண்டு. சுருக்கங்களையெல்லாம் விரிக்கச் சொல்லும் நிறுவனக் கடிதம் வருகிறது. அதில் "ஆரன்ட் ஐ என்டைட்டில்ட் டு எ ரீஃபண்ட்?" என்று ஒரு வரி. கண்டுபிடித்து மாற்றும் கட்டளையை மொத்தமாக ஓட்டினால் "ஆர் நாட் ஐ என்டைட்டில்ட்" என்று வந்து நிற்கும். கையால்தான் செய்ய வேண்டும்: "ஆர்"ஐ "ஆம்" ஆக்குங்கள், அடுத்து "ஐ", அதற்கும் பின்னால் "நாட்". "ஆம் ஐ நாட் என்டைட்டில்ட் டு எ ரீஃபண்ட்?" என்று வரும். எதிர்மறைக் கேள்வி எதுவானாலும் இதே வரிசை: வினை, எழுவாய், பிறகு "நாட்".

பேச்சில் "ஆம் ஐ நாட்" சரியா என்றால், இலக்கணப்படி சரி. ஆனால் "ஐம் நெக்ஸ்ட், ஆம் ஐ நாட்?" என்று வரிசையில் நின்று கேட்டால் வழக்காடுவதுபோல் இருக்கும்.

அதே மெய்ப்பாளர்: அப்படியானால் "எய்ன்ட்" மட்டும் ஏன் தீண்டத்தகாதது? அதுவும் அதே குடும்பம்தானே?

அதே குடும்பம்தான். முதல் பதிலில் சொன்ன ஏ, என், அபாஸ்ட்ரபி, டி வடிவம்தான் உச்சரிப்பு மாறி "எய்ன்ட்" ஆனது. "ஐ"யோடு மட்டும் நின்றிருந்தால் தப்பித்திருக்கலாம். "ஹி", "யு", "தே" எல்லாவற்றோடும், "ஹேவ்" வர வேண்டிய இடத்திலும் பரவியதால் இலக்கணக்காரர்கள் விரட்டினார்கள். அது தரக்குறைவு என்பது சமூகத் தீர்ப்பு, இலக்கணத் தீர்ப்பல்ல. ஆனாலும் விண்ணப்பக் கடிதத்தில் எழுதாதீர்கள்.

டப்ளின், செவிலியர்: இங்கே நோயாளிகள் "ஆமன்ட் ஐ" என்கிறார்கள். காதில் சரியாக விழவில்லையோ என்று நினைத்தேன். நானும் சொல்லலாமா?

சரியாகத்தான் விழுந்திருக்கிறது. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் அது உயிரோடு இருக்கும் வடிவம். ஸ்காட்லாந்தில் பெரும்பாலும் கேள்வியில் மட்டும் வரும். அயர்லாந்தில் "ஐ ஆமன்ட்" என்று சாதாரண வாக்கியத்திலும் கேட்கலாம். வார்டில் தாராளமாகச் சொல்லுங்கள். லண்டன் மருத்துவமனைக்கு விண்ணப்பிக்கும்போதும் தேர்விலும் விட்டுவிடுங்கள்.

அங்கே மட்டும் ஏன் நிலைத்தது? அந்த இரு நாடுகளிலும் "ர்" அழுத்தமாக ஒலிப்பதால் "ஆரன்ட்"டும் "ஆன்ட்"டும் ஒன்றாகக் கலக்கவில்லை என்று ஒரு விளக்கம் உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அமெரிக்கர்களும் பெரும்பாலும் "ர்" ஒலிப்பவர்கள்தான். அவர்களோ "ஆரன்ட் ஐ"யை அந்த "ர்"ரோடு சேர்த்தே சொல்கிறார்கள். ஆகவே அந்த விளக்கம் பாதி தூரம்தான் போகிறது.

பெங்களூரு, அமெரிக்க வாடிக்கையாளர் சேவை: "யு ஷான்ட் பி சார்ஜ்ட்" என்று மின்னஞ்சலில் எழுதினேன். மேலாளர் மாற்றச் சொன்னார். "ஷான்ட்" என்பது "வோன்ட்"டைவிட மரியாதையானது என்றுதானே படித்தோம்?

மேலாளர் சொன்னது சரி. இதில் மரியாதை எதுவும் இல்லை. யார் பேசுகிறார், யாரைப் பற்றிப் பேசுகிறார் என்பதுதான் இருக்கிறது.

"ஐ", "வி" என்றால் "ஷால்", மற்றவர்களுக்கு "வில்" என்ற விதியை ஜான் வாலிஸ் 1653-இல் தன் இலக்கணத்தில் எழுதினார். பள்ளிப் பாடமாக அது நம் ஊர் வரைக்கும் வந்தது. அந்த விதியின்படியே பார்த்தாலும் "ஐ ஷான்ட்" என்பது சும்மா வருங்காலம். "யு ஷான்ட்", "ஹி ஷான்ட்" என்றால் பேசுபவரின் சித்தம் அதில் ஏறிவிடும். "யு ஷான்ட் கோ" என்றால் "நீ போக மாட்டாய்" என்ற தகவல் அல்ல, "உன்னைப் போக விடமாட்டேன்" என்ற ஆணை. உங்கள் வரியை அந்தக் காதோடு கேளுங்கள்: "உன்னிடம் கட்டணம் வாங்கப்படாது, இது என் வாக்கு" என்று அரசர் அருள்வதுபோல் இருக்கிறது. அமெரிக்கருக்கு அந்த நுணுக்கமும் எட்டாது. அவர் காதில் இது பழைய ஆங்கிலப் படத்து வசனம். "யு வோன்ட் பி சார்ஜ்ட்" என்று எழுதுங்கள்.

இங்கிலாந்திலும் இது குறைந்துகொண்டே வருகிறது. "ஐ ஷான்ட் பி லாங்" என்று வெளியே கிளம்பும் வயதானவர் சொன்னால் இயல்பு. "ஷான்ட்!" என்று ஒற்றைச் சொல்லாக வந்தால் அது முரண்டு பிடிக்கும் குழந்தையின் "மாட்டேன், போ!" பெரியவர்கள் அப்படிச் சொன்னால் விளையாட்டுக்குத்தான். இன்னொன்று: "லெட்ஸ் கோ" என்பதற்கு டேக் "ஷால் வி?" மட்டுமே. உடன்பாட்டுக்கு எதிர்மறை டேக் என்ற விதியைப் பிடித்துக்கொண்டு "ஷான்ட் வி?" போட்டுவிடாதீர்கள்.

கோயம்புத்தூர்: "யு ஆர் கமிங், இஸன்ட் இட்?" என்று எல்லாரும்தான் பேசுகிறோம். அதுவும் இந்த மாதிரி அபூர்வ வடிவமா?

இல்லை, "இஸன்ட்" சாதாரண வடிவம். நீங்கள் சொல்வது வேறு விஷயம்: எல்லா வாக்கியத்துக்கும் ஒரே டேக் போடுவது. தமிழில் "இல்லையா", "தானே" எதற்கும் பொருந்துவதால் நமக்கு இது உறுத்துவதில்லை. லண்டன் தெருக்களில் "இனிட்" என்பதும் இதே வேலையைச் செய்கிறது. தேர்வில் மட்டும் "ஆரன்ட் யு?" எழுதுங்கள்.

யாழ்ப்பாணம், ஆங்கிலத்தில் கதை எழுதுபவர்: என் கதை 1930-களின் இங்கிலாந்தில் நடக்கிறது. "மேயன்ட்", "யூஸன்ட்", "டேரன்ட்", "நீடன்ட்" எல்லாவற்றையும் உரையாடலில் போடலாமா?

நான்கையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். "நீடன்ட்" இன்றும் பிரிட்டனில் சகஜம். காலத்தைக் காட்ட அது உதவாது. "டேரன்ட்" பிரிட்டனில் இருக்கிறது, அடுத்து வரும் வினைக்கு முன் "டு" கூடாது: "ஐ டேரன்ட் ஆஸ்க்". நடந்து முடிந்த கதையிலும் அதே வடிவம் செல்லும்.

"யூஸன்ட் டு" அந்தக் காலத்துப் படித்த முதியவர் வாயில் பொருந்தும். எழுத்தில் "டி" இருந்தாலும் உச்சரிப்பில் வராது. இளையவர்களுக்கு "டிடன்ட் யூஸ் டு" கொடுங்கள். "மேயன்ட்" அப்போதே அருகிவிட்டது. நல்ல குடும்பத்துப் பிள்ளை அனுமதி கேட்டுக் கெஞ்சும்போது "மேயன்ட் ஐ?" என்று ஒருமுறை வந்தால் அழகு. "மழை வராமலும் போகலாம்" என்ற பொருளில் "இட் மேயன்ட் ரெய்ன்" என்று எழுதினால் உறுத்தும். அங்கே "மே நாட்" போதும். என் யோசனை: ஒரு பாத்திரத்துக்கு இவற்றில் ஒன்று போதும். நான்கும் ஒரே பக்கத்தில் வந்தால் பொருட்காட்சி ஆகிவிடும்.

அதே எழுத்தாளர்: "நீடன்ட் ஹேவ் கம்", "டிடன்ட் நீட் டு கம்" இரண்டும் ஒன்றுதானே, பழசு புதுசு வேறுபாடு மட்டும்தானே?

இல்லை. "ஷி நீடன்ட் ஹேவ் கம்" என்றால் அவள் வந்துவிட்டாள், வந்தது வீண். "ஷி டிடன்ட் நீட் டு கம்" என்றால் தேவை இருக்கவில்லை என்பது மட்டும் தெரிகிறது. வந்தாளா இல்லையா என்பதை அடுத்த வரிதான் சொல்ல வேண்டும். கதவைத் திறந்தவர் அவளைப் பார்த்துச் சலிப்போடு பேசும் காட்சி என்றால் முதலாவதைப் போடுங்கள்.