மூன்று முறை தாமதமானால் அரை நாள் சம்பளம் பிடிக்கலாமா?

கேள்வி: அடுத்த மாதம் முதல் எங்கள் நிறுவனத்தில் புதிய வருகை விதி வருகிறது. மூன்று முறை தாமதமாக வந்தால் அரை நாள் சம்பளம் பிடிக்கப்படும் என்று எல்லா ஊழியர்களுக்கும் மின்னஞ்சல் அனுப்பச் சொல்கிறார்கள். கண்டிப்பு குறையக் கூடாது, யாருடைய மனமும் புண்படவும் கூடாது. சட்டச் சிக்கல் வராமல் எப்படி எழுதுவது? – மனிதவள அலுவலர்

பதில்: சம்பளப் பிடித்தம் பற்றிய அந்த வரியை இப்போதுள்ள வடிவில் அனுப்பாதீர்கள். வேலை செய்யாத நேரத்துக்குச் சம்பளம் தராமல் இருப்பது வேறு, தவறுக்குத் தண்டனையாகச் சம்பளத்தில் கைவைப்பது வேறு. முன்னதைப் பொதுவாகச் சட்டம் ஏற்கிறது, ஆனால் பிடிக்கும் தொகை வராத நேரத்தின் விகிதத்தைத் தாண்டக் கூடாது என்பதே பல நாட்டு ஊதியச் சட்டங்களின் நிலை. ஒருவர் மூன்று நாள்களில் தலா 10 நிமிடம் தாமதமாக வந்தால் மொத்த இழப்பு 30 நிமிடம். எட்டு மணி நேர வேலைநாளில் அரை நாள் என்பது 240 நிமிடம். மீதி 210 நிமிடத்துக்கான சம்பளத்தைப் பிடிப்பது அபராதம் ஆகிவிடும். அபராதம் விதிக்கச் சட்டத்தின் தனி அனுமதியும், ஊழியரின் விளக்கத்தைக் கேட்கும் நடைமுறையும் தேவைப்படும், சில இடங்களில் அதற்கு இடமே இருக்காது.

அடுத்து, பணி ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். வருகையைப் பதிவு செய்யும் முறையை மட்டும் மாற்றுவதானால் பெரும்பாலும் நிர்வாகத்தின் அறிவிப்பே போதும். வேலை நேரமோ சம்பளமோ மாறுவதானால் ஊழியரின் ஒப்புதலோ, சட்டம் சொல்லும் கால அவகாசத்துடன் கூடிய முன்னறிவிப்போ வேண்டியிருக்கும். "படித்தேன்" என்று வரும் பதில், மின்னஞ்சல் கிடைத்ததற்குத்தான் சான்று. சம்பளக் குறைப்புக்கு அவர் இசைந்தார் என்று அதை வைத்து வாதாடுவது கடினம்.

மின்னஞ்சலின் மையப் பகுதியை நான் இப்படி எழுதுவேன்:

"அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து அனைவரும், மேலாளர்கள் உட்பட, குறித்த நேரத்துக்குள் வருகையைப் பதிவு செய்ய வேண்டும். தாமதமாகும் என்று தெரிந்தால் உங்கள் மேலாளருக்கு முன்கூட்டியே தெரிவியுங்கள். ஒரே மாதத்தில் மூன்று முறை தாமதமானால் எழுத்து மூலம் விளக்கம் கேட்கப்படும். அதைப் பரிசீலித்த பிறகே நடவடிக்கை பற்றி முடிவு செய்யப்படும். உடல்நலம், கர்ப்பம், மாற்றுத்திறன் ஆகிய காரணங்களால் நேரத்தில் தளர்வு தேவைப்படுவோர் மனிதவளப் பிரிவைத் தனியே அணுகலாம்."

"மேலாளர்கள் உட்பட" என்ற சொற்களை நீக்கும்படி யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒரே தாமதத்துக்கு ஒருவருக்கு எச்சரிக்கையும் இன்னொருவருக்கு விலக்கும் கிடைத்ததாகப் பதிவேடே காட்டும்போது, பாரபட்சம் என்ற வாதத்துக்கு நிர்வாகத்தால் பதில் சொல்ல முடியாமல் போகும். "சிலர் இதுவரை பொறுப்பில்லாமல் நடந்துகொண்டார்கள்" என்ற வகை வாக்கியமும் வேண்டாம். நேரத்துக்கு வந்தவர்களையும் அது காயப்படுத்தும், விசாரணைக்கு முன்பே முடிவெடுத்துவிட்டீர்கள் என்பதற்குச் சான்றாகவும் நிற்கும். விதி தொடங்கும் நாளுக்கு முந்தைய தாமதங்களை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அடிக்கடி தாமதமாக வருபவர்களின் பெயர்ப் பட்டியலை இதனுடன் இணைக்கச் சொன்னால் மறுத்துவிட்டு, அவர்களுக்குத் தனித்தனியே எழுதுங்கள்.