கணக்கர் கையால் வரைந்த எல்லைப் படம் வழக்கில் நிற்குமா?

கேள்வி: ஒரு சிறுகதையில், வயதான கணக்கர் ஒருவர் தாம் முன்பு கையால் வரைந்த நிலப் படத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து விரித்ததும் அண்ணன் தம்பி சண்டை தீர்ந்துவிடுகிறது. எங்கள் தாத்தாவின் நிலத்தை 1974-இல் அப்பாவும் சித்தப்பாவும் வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டபோது, ஊர்க் கணக்குப்பிள்ளையிடம் எழுத்தராக இருந்தவர் வரைந்து கொடுத்த படம் எங்களிடம் இருக்கிறது. அவரும் உயிரோடு இருக்கிறார். இப்போது சித்தப்பா மகன் எல்லை தாண்டி வேலி போடுகிறார். இந்தப் படத்தை வைத்து அவரைத் தடுக்க முடியுமா?

பதில்: முடியும். ஆனால் அந்தப் படம் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை முதலில் பிரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். கோடு எங்கே ஓடியது என்பதை அது சொல்லும். நிலம் யாருடையது என்பதைச் சொல்லாது. உரிமையைக் காட்டத் தாத்தாவின் மூலப் பத்திரமும், அன்று தொடங்கி அவரவர் பகுதியை அவரவர் அனுபவித்து வந்ததற்கான சான்றுகளும் தனியே வேண்டும்.

பழைய படங்களில் மிகப் பெரிய சண்டைக்குக் காரணம் அளவின் பெயர் எழுதப்படாமல் இருப்பதுதான். நான் பார்த்த ஒரு குடும்பத்தின் கதையைச் சொன்னால் இது விளங்கும். அவர்களுடைய நிலம் 1 ஏக்கர் 20 சென்ட். படத்தில் வடக்கு எல்லை 400, கிழக்கு எல்லை 300, நடுவில் ஒரு கோடு, கோட்டின் இருபுறமும் 200 என்று மட்டும் எழுதியிருந்தது. தரகர் ஒருவர் நாடாவை எடுத்துக்கொண்டு வந்து, கிழக்குக் கல்லிலிருந்து 200 அடி அளந்து முளை அடித்துவிட்டார். அண்ணனுக்கு 200 அடி போனபின் தம்பிக்கு மிஞ்சியது 64 அடி. இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது.

படத்தை வரைந்த முதியவரை அழைத்து வந்து கேட்டபோது, அவர் ஒரே வார்த்தையில் சொன்னார்: அவை அடிகள் அல்ல, லிங்க். அந்தக் காலத்து நில அளவைச் சங்கிலி 66 அடி நீளம் கொண்டது. அதில் 100 லிங்க். எனவே 200 லிங்க் என்பது 132 அடி. வடக்கு எல்லையின் 400 லிங்க் 264 அடி ஆகிறது. நிலத்தில் கல்லுக்குக் கல் அளந்தபோதும் சரியாக 264 அடிதான் இருந்தது. உங்கள் படத்தையும் இப்படியே சோதியுங்கள். அழியாமல் இருக்கும் இரண்டு சர்வே கற்களுக்கு இடையே அடியில் அளந்து, அதைப் படத்தில் உள்ள எண்ணால் வகுத்துப் பாருங்கள். 0.66-ஐ ஒட்டி விடை வந்தால் அது லிங்க் கணக்கு. 1-ஐ ஒட்டி வந்தால் அடிக் கணக்கு. பரப்பையும் சரிபார்க்கலாம். 1000 சதுர லிங்க் ஒரு சென்ட் என்பதால், 200-ஐ 300-ஆல் பெருக்கினால் 60 சென்ட் வருகிறது. இரண்டு பங்கும் சேர்ந்தால் பத்திரத்தில் உள்ள 1 ஏக்கர் 20 சென்ட்.

அந்தப் படத்தைக் காப்பாற்றிய இன்னொரு விஷயமும் உண்டு. வடகிழக்குக் கல்லிலிருந்து கிணற்றின் மையத்துக்கு 250, வடமேற்குக் கல்லிலிருந்தும் 250 என்று முதியவர் குறித்திருந்தார். கிணறு அப்படியே இருந்ததால், இரண்டு கற்களிலிருந்தும் 165 அடி இழுத்துப் பார்த்ததும் நாடாக்கள் கிணற்று நடுவிலேயே சந்தித்தன. நடுக்கோடு கிணற்றின் மேல்தான் போகிறது, கிணறு இருவருக்கும் பொது என்பதும் அப்போது தெளிந்தது. வெறும் எண் பொய்யாகலாம். ஆனால் கல்லும் கிணறும் படத்தோடு பொருந்திவிட்டால் எதிர்த்தரப்புக்கு மறுப்பது கடினம். உங்கள் படத்தில் கிணறு, பாறை, பழைய மரம், வரப்பு என எது குறிக்கப்பட்டிருந்தாலும் அதை முதலில் தேடுங்கள். நான்கு எல்லைக்கும் பரப்புக்கும் முரண் வந்தால், பொதுவாக நீதிமன்றங்கள் எல்லையையே நம்புகின்றன.

அடுத்து eservices.tn.gov.in தளத்தில் பட்டாவையும் புல வரைபடத்தையும் பதிவிறக்கிப் படத்தோடு ஒப்பிடுங்கள். அரசின் புல வரைபடத்தில் சர்வே எண்ணின் வெளி எல்லை இருக்கும். உட்பிரிவு செய்யாத குடும்பத்தின் நடுக்கோடு இருக்காது. அந்த நடுக்கோட்டைத்தான் உங்கள் கணக்கரின் படம் நிரப்புகிறது. நில அளவருக்கு மனுப் போட்டு அவர் வந்து அளந்தாலும் வெளி எல்லையைத்தான் காட்டுவாரே தவிர, குடும்பப் பங்கைத் தீர்மானிக்க அவருக்கு அதிகாரம் இல்லை. இதைக்கூட மனுதாரருக்கு எடுத்துச் சொல்லாமல், மாதக்கணக்கில் அலைய வைத்து, கடைசியில் “சிவில் நீதிமன்றத்துக்குப் போங்கள்” என்று ஒரு வரியில் அனுப்பிவிடும் அலுவலகங்களைப் பார்த்து எனக்குப் பொறுமை போய்விட்டது. வழக்காகிவிட்டால், நில அளவருடன் வழக்கறிஞர் ஆணையரை அனுப்பி இடத்தை அளந்து அறிக்கை தரச் சொல்லி நீங்கள் கேட்கலாம். அந்த ஆணையரிடம் கணக்கரின் படத்தையும் ஒப்பிடச் சொல்லுங்கள்.

முதியவர் இருக்கும்போதே அவருடைய சாட்சியத்தைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். முப்பது ஆண்டைக் கடந்த ஆவணம், இருக்க வேண்டியவர் வசத்திலிருந்து வெளிவந்தால், அதன் கையெழுத்தை நீதிமன்றம் உண்மை என்று ஊகித்துக்கொள்ளலாம். உள்ளடக்கம் சரி என்று அந்த ஊகம் சொல்லாது. எந்தக் கல்லிலிருந்து எந்தக் கல்லுக்கு அளந்தார் என்பதை அவர்தான் சொல்ல முடியும். வழக்குத் தொடுத்துவிட்டால், அவர் நடமாட முடியாதவராக இருந்தாலும், ஆணையர் வீட்டுக்கே வந்து சாட்சியம் பதிய மனுச் செய்யலாம்.

இங்கே தரகர்களைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டும். “படத்தின் அடியில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிவிடலாம்”, “பழைய முத்திரைத்தாள் இருக்கிறது, அதில் தெளிவாக வரைந்து தருகிறேன்” என்று ஒருவர் வருவார். அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். பழைய தேதியிட்ட தாளில் புதிதாக எழுதுவது போலி ஆவணம் தயாரிக்கும் குற்றம். நல்ல படத்தின் கீழ் “இன்று முதல் இவ்வாறு பிரித்துக்கொண்டோம்” என்று எழுதிவிட்டால், முன்பு நடந்த பிரிவினையின் குறிப்பாக இருந்தது பாகப்பிரிவினை ஆவணமாகிவிடும்; அதற்குப் பதிவும் முத்திரைத் தீர்வையும் கேட்பார்கள். மங்கிய கோட்டின் மேல் புது மை ஓட்டாதீர்கள், லேமினேஷனும் செய்யாதீர்கள். மூலத்தை எவர் கையிலும் விட்டுவிட்டு வராதீர்கள்; வண்ண நகல் கொடுத்தால் போதும்.

உங்கள் கடிதத்தில் அத்தைகள் யாரும் இருக்கிறார்களா என்று எழுதவில்லை. இருந்தால் கணக்கு மாறிவிடும், அதனால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். நிலம் பூர்வீகச் சொத்தாக இருந்தால், 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி மகளும் மகனுக்குச் சமமான பங்காளி. 2004 டிசம்பர் 20-க்கு முன் நடந்த பாகப்பிரிவினையைச் சட்டம் காப்பாற்றுகிறது என்றாலும், அது பதிவு செய்த ஆவணமாகவோ நீதிமன்றத் தீர்ப்பாகவோ இருக்க வேண்டும் என்கிறது. வாய்மொழிப் பாகத்தைப் பொது ஆவணங்களின் துணையோடு வரும் அரிதான நேர்வுகளில் மட்டுமே ஏற்க முடியும் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் கூறியது. ஆகவே, உங்களுக்கும் சித்தப்பா மகனுக்கும் இடையே வலுவாக நிற்கும் அதே படம், அத்தைக்கு எதிராக நிற்காமல் போகலாம். தாத்தாவின் சொந்தச் சம்பாத்தியமாக இருந்து, 1956-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபின் உயில் எழுதாமல் அவர் இறந்திருந்தால், மகள் என்ற முறையிலேயே அத்தைக்குப் பங்கு உண்டு. வேலித் தகராறை முடிக்கும் முன் அத்தையை அழைத்துப் பேசுங்கள். அவர் பங்கை விட்டுக்கொடுக்க விரும்பினால், அதைப் பதிவு செய்த விடுதலைப் பத்திரமாக எழுதி வாங்குங்கள். வாய் வார்த்தையை நம்பி இன்னொரு சண்டைக்கு விதை போடாதீர்கள்.

நான் சொன்ன குடும்பத்தில் கணக்கரின் படத்தை அடிக்கணக்கில் மாற்றி, உரிமம் பெற்ற அளவையாளர் ஒருவர் புதிய வரைபடம் தயாரித்தார். அதை இணைப்பாக வைத்து எல்லாரும் கையெழுத்திட்டுப் பாகப்பிரிவினை ஆவணத்தைப் பதிவு செய்தார்கள். பிறகு அந்த ஆவணத்தைக் காட்டி உட்பிரிவுக்கும் தனிப் பட்டாவுக்கும் விண்ணப்பித்தார்கள். சித்தப்பா மகன் உடன்பட்டால் நீங்களும் இதே வழியில் போங்கள். உடன்படாவிட்டால், மூலப் படத்தோடும் இன்று அளந்த குறிப்போடும் வழக்கறிஞரைப் பார்த்து, வேலி முழுதாக நிற்கும் முன்பே உரிமையியல் நீதிமன்றத்தில் தடையுத்தரவு கேளுங்கள்.