செட்டில் 60 சதவீதம் என்றால் ஆட்டத்தில் எவ்வளவு?

கேள்வி: இதுவரை ஆடிய செட்களில் 60 சதவீதத்தை எங்கள் வாலிபால் அணி வென்றிருக்கிறது. அப்படியானால் ஐந்து செட் ஆட்டத்தை வெல்லும் வாய்ப்பும் 60 சதவீதம்தானா? முதல் செட்டை இழந்துவிட்டால் எவ்வளவு குறையும்? ஐந்தாவது செட் 15 புள்ளிக்குத்தானே, அதைத் தனியாகக் கணக்கிட வேண்டுமா?

பதில்: ஒவ்வொரு செட்டுக்கும் அந்த 60 சதவீதம் பொருந்துமானால், ஆட்டத்தை வெல்லும் வாய்ப்பு 68 சதவீதத்தைச் சற்றுத் தாண்டும். உங்களை வீழ்த்த எதிரணி ஒரு செட்டில் நன்றாக ஆடினால் போதாது. நீங்கள் மூன்றை எட்டுவதற்குள் அவர்கள் மூன்று முறை அதைச் செய்தாக வேண்டும். பலம் குறைந்த அணிக்கு அது கடினம். அதனால்தான் செட்டில் இருக்கும் சிறிய வேறுபாடு ஆட்டத்தில் பெரிதாகிறது.

கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம். நீங்கள் 3-0 என்று வெல்ல மூன்று செட்களும் தொடர்ந்து உங்கள் பக்கம் விழ வேண்டும்: 0.6 × 0.6 × 0.6 = 0.216. அடுத்தது 3-1. இங்கே நீங்கள் இழக்கும் ஒரு செட் முதலாவதாகவோ இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ இருக்கலாம். நான்காவதாக இருக்க முடியாது. முதல் மூன்றையும் நீங்கள் வென்றிருந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்திருக்கும். பலர் இதை மறந்து நான்கு விதம் என்று எண்ணிவிடுகிறார்கள். சரியான எண்ணிக்கை மூன்றுதான். ஆகவே 3 × 0.216 × 0.4 = 0.2592. கடைசியாக 3-2. இழக்கும் இரண்டு செட்களும் முதல் நான்குக்குள் விழ வேண்டும். அதற்கு ஆறு விதங்கள் உண்டு: 6 × 0.216 × 0.4 × 0.4 = 0.2074. மூன்றையும் கூட்டினால் 0.6826 கிடைக்கும்.

செட்டை வெல்லும் வாய்ப்பை p என்றும், இழக்கும் வாய்ப்பை q என்றும் குறித்தால் இதே கணக்கு ஒரே வரியில் அடங்கும்:

```
p × p × p × (1 + 3q + 6 × q × q)
```

p 0.5 என்றால் விடையும் 0.5தான். 0.7 என்றால் ஆட்டத்தில் 84 சதவீதம் ஆகிறது; 0.8 என்றால் 94.

முதல் செட்டை இழந்த பிறகு, எதிரணி இன்னும் இரண்டு செட் எடுப்பதற்குள் நீங்கள் மூன்று எடுக்க வேண்டும். அந்த வாய்ப்பு 47.5 சதவீதம். பலமான அணியாகத் தொடங்கிய நீங்கள் ஒரே செட்டில் சமநிலைக்கும் சற்றுக் கீழே வந்துவிடுகிறீர்கள். அதே முதல் செட்டை வென்றிருந்தால் வாய்ப்பு 82 சதவீதம். 1-1 என்றால் 65, இரண்டையும் இழந்து நின்றால் 22. இந்த எண்கள் எல்லாம் அடுத்த செட்டிலும் உங்கள் பலம் மாறாது என்ற அனுமானத்தில் வருபவை. உங்கள் முதன்மை செட்டர் காலைச் சுளுக்கிக்கொண்டு வெளியேறினால், அந்தக் கணத்திலிருந்து p புதியது. மீதமுள்ள செட்களுக்குப் புதிதாகக் கணக்கிட வேண்டும்.

இப்போது ஐந்தாவது செட். முதல் நான்கு செட்கள் 25 புள்ளிக்கு, ஐந்தாவது 15 புள்ளிக்கு. எல்லாவற்றிலும் இரண்டு புள்ளி முன்னிலை வேண்டும். குறைந்த ராலிகளில் முடியும் செட்டில் அதிர்ஷ்டத்துக்கு இடம் கூடுதல், ஆகவே பலமான அணியின் மேல்கை சற்றுக் குறையும். எவ்வளவு என்று பார்க்க ராலி வரை இறங்க வேண்டும். 25 புள்ளி செட்டை 60 சதவீதம் வெல்ல, ஒரு அணி ஒவ்வொரு ராலியையும் ஏறக்குறைய 52 சதவீதம் வென்றால் போதும். இதை நான் எத்தனை பேருக்குச் சொன்னாலும் முதலில் நம்புவதில்லை. நூறு ராலிகளில் ஒரு பக்கம் 52, மறுபக்கம் 48, அவ்வளவுதான் வித்தியாசம். இந்த 52 சதவீத அணி 15 புள்ளி செட்டை ஏறக்குறைய 58 சதவீதம் வெல்லும். சர்வீஸ் யார் கையில் என்பதைப் பிரிக்காத தோராயக் கணக்கு இது. இப்போதைய தேவைக்குப் போதுமானது.

ஆட்டம் 2-2 வரை போகும் வாய்ப்பு 34.56 சதவீதம். அந்தப் பகுதியில் மட்டும் 60-க்குப் பதிலாக 58 போட்டால், 68.3 என்று இருந்த விடை 67.6 அளவுக்கு இறங்குகிறது. ஒரு சதவீதம்கூட மாறவில்லை. ஆகவே ஐந்தாவது செட்டைப் பற்றிய கவலையை விட்டுவிடலாம். அதைவிட எனக்குப் பெரிய உறுத்தலாகத் தெரிவது உங்கள் கேள்வியின் முதல் வரியில் இருக்கும் அந்த 60.

அது யாருக்கு எதிரான 60? ஓர் உதாரணம் பாருங்கள். நீங்கள் ஆடியவற்றில் பாதி செட்கள் பலமான அணிகளோடு, பாதி பலவீனமான அணிகளோடு என்று வைத்துக்கொள்வோம். முதல் வகையில் செட்டுக்கு 40 சதவீதம், இரண்டாவது வகையில் 80 சதவீதம் வென்றால், சராசரி 60 என்று வந்துவிடும். ஆனால் பலமான அணியை ஐந்து செட் ஆட்டத்தில் வெல்லும் உங்கள் வாய்ப்பு 32 சதவீதம்தான். பலவீனமான அணியை வெல்ல 94. அடுத்த ஆட்டம் யாரோடு என்று தெரிந்தால் 68 என்ற எண் இரண்டில் எதற்கும் பொருந்தாது. இரு வகையிலும் சம எண்ணிக்கையில் ஆட்டங்கள் வந்தாலும் சராசரி வெற்றி வாய்ப்பு 63 சதவீதம்தான்.

இந்தக் கலப்பு உங்கள் பதிவேட்டில் இருக்கிறதா என்பதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. வென்றதும் தோற்றதுமாக எத்தனை ஆட்டங்கள் மூன்றே செட்டில் முடிந்தன என்று எண்ணுங்கள். எல்லோருக்கும் எதிராக ஒரே 60 என்றால் 28 சதவீத ஆட்டங்கள்தான் 3-0 என்று முடியும். மேலே சொன்ன 40-80 கலவையில் அது 40 சதவீதமாக ஏறும். உங்களிடம் அப்படி 3-0 முடிவுகள் மிகுந்திருந்தால், எதிரணிகளைப் பலத்தின்படி இரண்டு மூன்று குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி p எடுத்துக் கணக்கிடுங்கள். p-க்களைச் சராசரியாக்கிவிட்டுக் கணக்குப் போடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் ஆட்ட வாய்ப்பைக் கண்டபின், தேவையானால் அவற்றைச் சராசரியாக்குங்கள்.

பிரிக்கும்போது ஒவ்வொரு குழுவிலும் செட்கள் குறைந்துபோகும் என்பதையும் பாருங்கள். 30 செட்களில் 18 வென்றதால் வந்த 60 என்றால், உண்மையான வாய்ப்பு 51 ஆக இருந்தாலும் 69 ஆக இருந்தாலும் வியப்பில்லை. ஆட்டக் கணக்கில் அது 52 முதல் 82 வரை விரிகிறது. அத்தகைய பதிவேட்டை வைத்துக்கொண்டு 68.3 என்று தசமப் புள்ளியோடு யாரிடமும் சொல்லாதீர்கள். மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு என்று சொல்லுங்கள், அதுவே அந்தத் தரவு தாங்கும் அளவு.