சொசைட்டி ஆண்டுப் பொதுக்குழு நோட்டீஸில் என்ன எழுத வேண்டும்?

கேள்வி: மும்பையில் எங்கள் ஹவுசிங் சொசைட்டியில் 36 உறுப்பினர்கள். புதிதாகச் செயலாளர் ஆகியிருக்கிறேன். நோட்டீஸ் எப்படி எழுதுவது? ஊருக்குப் போனவர்கள் தங்களுக்குப் பதிலாக ஆள் அனுப்பலாமா?

உங்கள் சொசைட்டி மகாராஷ்டிர மாதிரித் துணை விதிகளை ஏற்றிருக்கும் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

முதலில் தேதி. முழுதாக 14 நாள் இடைவெளி வேண்டும். நோட்டீஸ் கொடுத்த நாளும் கூட்ட நாளும் கணக்கில் வராது. செப்டம்பர் 20 கூட்டம் என்றால் 5-ஆம் தேதிக்குள் எல்லோர் கையிலும் சேர்ந்திருக்க வேண்டும்.

அஜெண்டாவில் போன கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு, கமிட்டி அறிக்கை, வரவு செலவு, தணிக்கை அறிக்கை, அடுத்த ஆடிட்டர் நியமனம் எல்லாம் வழக்கமானவை. பராமரிப்புக் கட்டணத்தை உயர்த்துவதாக இருந்தால் அதைத் தனியாக எழுதுங்கள். 'இதர விஷயங்கள்' என்ற வரிக்குள் அதை நுழைத்தால் சண்டை நிச்சயம்.

கோரம், அதாவது கூட்டம் நடக்கக் குறைந்தது வந்திருக்க வேண்டிய உறுப்பினர் எண்ணிக்கை, மூன்றில் இரண்டு பங்கு அல்லது 20 பேர், எது குறைவோ அது. உங்களுக்கு 24 வருகிறது, ஆகவே 20 போதும். பலர் கோட்டை விடுவது அடுத்த வரியில்தான்: "அரை மணிக்குள் கோரம் சேராவிட்டால் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டு, அதே நாள் காலை 11 மணிக்கு இங்கேயே நடக்கும், அப்போது கோரம் தேவையில்லை." இதை எழுதாமல் விட்டால், 12 பேர் வந்து உட்கார்ந்திருந்தாலும் கலைந்து போய், 7 நாளுக்குப் பிறகு, 30 நாளுக்குள் இன்னொரு தேதியில் கூட வேண்டியதுதான்.

பதில் ஆளுக்கு இடமில்லை. அதிகாரக் கடிதமோ பவர் பத்திரமோ கொண்டு வந்தாலும் செல்லாது. இதையும் நோட்டீஸிலேயே ஒரு வரி போட்டுவிடுங்கள், வாசலில் வாக்குவாதம் மிச்சம்.