ஏற்றிய ஓவர்ஹெட் கூடிப்போனால் என்ன செய்வது? – கேள்வி பதில்

சிவகாசி ஆஃப்செட் அச்சகத்தில் கணக்கு எழுதுகிறேன். மார்ச் முடிவில் ஓவர்ஹெட் கணக்கில் ₹80,000 கிரெடிட் நிற்கிறது. செலவு மிச்சமானது என்று முதலாளியிடம் சொல்லிவிடலாமா?

கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் அனுப்பிய கணக்கைப் பார்த்தேன். வருட ஆரம்பத்தில் ஓவர்ஹெட் ₹24,00,000, மெஷின் ஓடுவது 6,000 மணி நேரம் என்று மதிப்பிட்டு, மணிக்கு ₹400 என்று விகிதம் வைத்திருக்கிறீர்கள். மெஷின் ஓடியதோ 6,500 மணி. அதனால் ஜாப் கார்டுகளில் ஏறியது ₹26,00,000. உண்மையில் செலவானது ₹25,20,000. வித்தியாசம்தான் அந்த 80,000.

இப்போது 24 லட்சத்தைப் பிரித்துப் பாருங்கள். வாடகை, தேய்மானம், சூப்பர்வைசர் சம்பளம் எல்லாம் சேர்ந்து 18 லட்சம் நிலையான செலவு. மெஷின் ஓடினால்தான் வரும் கரண்ட், மசகு எண்ணெய் போன்றவை மணிக்கு ₹100. ஆக ஒவ்வொரு மணியிலும் ₹300 நிலையான செலவுக்காக ஏறுகிறது. கூடுதலாக ஓடிய 500 மணியில் அது 1,50,000. வாடகை என்னவோ அதேதான். அப்படியானால் மிச்சம் 1,50,000 நின்றிருக்க வேண்டும், 80,000தான் நிற்கிறது. 6,500 மணிக்கு ஆகியிருக்க வேண்டியது 24,50,000, ஆனது 25,20,000. ₹70,000 அதிகமாகச் செலவழித்திருக்கிறீர்கள். காலண்டர் சீசன் வேலை அதை மறைத்துவிட்டது. முதலாளியிடம் சொல்ல வேண்டியது இதைத்தான்.

சி.எம்.ஏ. இன்டர் படிக்கிறேன். இந்த 80,000-ஐ விற்ற சரக்கின் அடக்கவிலையில் கழித்துவிட வேண்டியதுதானே சார்? எங்கள் வகுப்பில் அப்படித்தான் போடுவோம்.

பாதி சரிம்மா. தொகை சின்னதாக இருந்தாலோ, கையில் சரக்கு அதிகம் இல்லாவிட்டாலோ அப்படிச் செய்யலாம். சிவகாசி அச்சகத்துக்கு மார்ச் 31-ல் முடியாத ஜாப்களில் 650 மணியும், முடிந்து டெலிவரிக்குக் காத்திருக்கும் பண்டல்களில் 975 மணியும் உட்கார்ந்திருக்கின்றன. மொத்தத்தையும் விற்றதில் கழித்தால், அந்தச் சரக்கு உண்மையான அடக்கத்தைவிட உயர்ந்த மதிப்பில் பேலன்ஸ் ஷீட்டில் நிற்கும். உற்பத்தி வழக்கத்துக்கு மாறாகக் கூடிய காலத்தில் சரக்கை அடக்கத்துக்கு மேல் மதிப்பிடக் கூடாது என்று கணக்கியல் தரநிலை ஏ.எஸ். 2 சொல்கிறது.

ஏறிய மணிக்கணக்கு விகிதத்தில் பிரித்தால் முடியாத வேலைக்கு 8,000, முடிந்த சரக்குக்கு 12,000, விற்றதற்கு 60,000. ஓவர்ஹெட் கணக்கை ₹80,000-க்கு டெபிட் செய்து, இந்த மூன்றையும் கிரெடிட் செய்யுங்கள். பக்கம் மாறிவிட்டால் பிழை இரட்டிப்பாகும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் மாற்றிப் போட்டிருக்கிறேன். குறைவாக ஏறிய வருடத்தில் இதையே தலைகீழாகச் செய்யாதீர்கள். மெஷின் சும்மா நின்றதால் ஏறாமல் போன நிலையான செலவைச் சரக்கின் தலையில் கட்ட முடியாது, அது அந்த வருட நஷ்டம்.

நானும் அச்சகம் வைத்திருக்கிறேன் அண்ணே. அப்போ கஸ்டமரிடம் அதிகமாக வாங்கிவிட்டோம் என்று அர்த்தமா? திருப்பித் தரணுமா?

இல்லை தம்பி, இது கொட்டேஷன் சமாச்சாரம் இல்லை. ஒரு ஜாப் கார்டு எடுத்துக்கொள்வோம்: பேப்பர் ₹46,000, கூலி ₹6,500, 12 மணிக்கு ஓவர்ஹெட் ₹4,800, ஆக ₹57,300. வருட முடிவில் பார்த்தால் உண்மையான ஓவர்ஹெட் மணிக்கு சுமார் ₹388. இந்த ஜாப்பில் வித்தியாசம் ஏறக்குறைய ₹148. இதற்காக முந்நூறு நானூறு கார்டுகளைத் திறந்து திருத்துவார்களா? அதனால்தான் லெட்ஜரில் மூன்று வரியோடு முடித்துவிடுகிறோம். பேசி வாங்கிய விலை வாங்கியதுதான்.

கோயம்புத்தூரில் உலோக அச்சு டை செய்கிறோம். ஜூன் மாதமே ₹3 லட்சம் கூடுதலாக ஏறிவிட்டது. விகிதத்தை இப்போதே குறைக்கவா?

உங்கள் வேலை சீசனைப் பொறுத்ததா என்று முதலில் சொல்லுங்கள். மழைக்காலத்தில் ஆர்டர் குறையும் என்றால் ஜூனில் கூடியது டிசம்பருக்குள் கரைந்துவிடும், தொடாதீர்கள். வருட ஆரம்பத்திலேயே மணிக்கணக்கைத் தப்பாகப் போட்டிருந்தால், உதாரணமாக ஒரு ஷிஃப்டுக்குக் கணக்கு வைத்து இரண்டு ஷிஃப்ட் ஓட்டினால், திருத்தத்தான் வேண்டும். ஆனால் நடு வருடத்தில் மாற்றினால் மே ஜாப்பையும் ஆகஸ்ட் ஜாப்பையும் ஒப்பிட முடியாமல் போகும். நான் மாற்ற மாட்டேன். என் நண்பர் ஒருவர் காலாண்டுக்கு ஒரு முறை மாற்றுகிறார். அவருக்கும் எனக்கும் இது இன்னும் வாக்குவாதம்தான். மூன்று மாத மெஷின் லாக்-புக்கை அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.